பில்லில விளங்காத ஒரு வரி: தனியார் ஆஸ்பத்திரி பில்லிங் பகுதிக்கு முறைப்பாடு குடுக்கிறது எப்பிடி

திருகோணமலையில பிறந்து வளந்த எங்களுக்கு ஆஸ்பத்திரி பில் எண்டது பெரிசா பழக்கமில்லாத சாமான். பெரியாஸ்பத்திரி வாட்ல ரெண்டு கிழமை கிடந்தாலும் வெளிக்கிடேக்க கையில தாறது டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் கொப்பியும்தான், காசு எண்ட கதையே இல்ல. அதால முதல் தடவ ஒரு ஆள தனியார் ஆஸ்பத்திரியில வச்சிட்டு கடைசி நாள் கவுண்டர்ல அந்த நீளப் பேப்பர நீட்டினா நாங்க பாக்கிறது அடியில கிடக்கிற மொத்தத்த மட்டும்தான். பாத்து ஒருக்கா மூச்சு வாங்கிட்டு, ஆள வீட்ட கூட்டிக்கொண்டு போனாக் காணும் எண்டு காசக் கட்டிட்டு வந்திடுறது. தங்கச்சி பக்கத்தில நிக்காட்டி நானும் அப்பிடித்தான் வந்திருப்பன்.

அப்பாக்கு ஹெர்னியா ஓபரேஷன். செவ்வாய்க்கிழமை காலம அட்மிட் பண்ணி, மத்தியானம் தியேட்டருக்கு எடுத்து, வியாழன் காலம டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரிட பேர் இங்க தேவையில்ல. பில்லில ரூம், தியேட்டர், சேர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டொக்டர்ட ஃபீஸ், மருந்து, லாப் எண்டு எல்லாம் வரிசையா இருந்தது, அதெல்லாம் கூடினதோ குறைஞ்சதோ என்னத்துக்கெண்டாவது விளங்குது. நடுவில ஒரு வரி, 'வார்ட் சேர்விஸஸ் - அதர்ஸ்', 31,850 ரூபா. அவ்வளவுதான், அதுக்குக் கீழ ஒண்டும் இல்ல. தங்கச்சி அதில விரல வச்சு "அண்ணா இது என்ன?" எண்டு கேட்டாள், எனக்குத் தெரியல்ல, கவுண்டர்ல இருந்த பிள்ளைக்கும் தெரியல்ல.

அந்த ஒரு வரிய வச்சுக்கொண்டு நாங்க என்ன செய்தம், எதில பிழை விட்டம், எவ்வளவு திரும்பி வந்தது எண்டத படிப்படியா எழுதுறன்.

1. மொத்தத்தோட சண்டைக்குப் போகாதீங்கோ, வரியப் பிடியுங்கோ

"பில் கூடிப்போச்சு" எண்டு சொன்னா அதுக்கு பில்லிங்ல ஆருக்கும் பதில் சொல்ல ஏலாது, "எங்கட ரேட் இதுதான் அண்ணா" எண்டு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவாங்க. அவங்களுக்கு வேல செய்யக்கூடிய மாதிரி கேக்கிறதெண்டா ஒரு வரி, அதிட தொகை, அதில உங்களுக்கு விளங்காதது என்ன, இந்த மூண்டும் வேணும்.

இதுக்கு பில் எப்பிடி உருவாகுது எண்டு கொஞ்சம் தெரிஞ்சிருந்தா நல்லம். கவுண்டர்ல இருக்கிற பிள்ளை உங்கட பில்ல எழுதுறேல்ல. வாட்ல இருக்கிற மிஸ்ஸிமார் ஒரு ஊசி போட்டா, ஒரு மெஷின் பூட்டினா, ஒரு ட்ரெஸிங் மாத்தினா அத கம்பியூட்டர்ல போடுவாங்க, ஃபார்மசி மருந்து அனுப்பேக்க அவங்க போடுவாங்க, லாப் தன்ட பாட்டில போடும், தியேட்டர் தன்ட பாட்டில போடும். எல்லாம் உங்கட அட்மிஷன் நம்பருக்குக் கீழ போய்க் குவியும். டிஸ்சார்ஜ் எண்டு டொக்டர் எழுதினோண்ண வாட்ல கணக்க மூடுவாங்க, மிஞ்சின மருந்து ஃபார்மசிக்கு திரும்பிப் போகும், அதுக்குப் பிறகுதான் பில்லிங்ல குவிஞ்சதெல்லாத்தையும் சுருக்கி ஒரு பேப்பர்ல அடிப்பாங்க. அந்தச் சுருக்கத்திலதான் 'அதர்ஸ்' வருது. தனித்தனியா பேர் போட இடமில்லாத சில்லறை எல்லாம் அந்த ஒரு பைக்குள்ள.

அப்ப பிழை நடக்கிறது பெரும்பாலும் கவுண்டர்ல இல்ல, வாட்டில. திருத்த ஏலுமான ஆளும் கவுண்டர்ல இல்ல. அந்தப் பிள்ளையோட கத்திப் பிரயோசனமே இல்ல, நான் கத்தினனான், அதுக்குப் பிறகு போய் சொறி சொல்ல வேண்டி வந்தது.

2. விபரப் பில் கேளுங்கோ, அதுவும் காசு கட்ட முதல்

கையில தாறது சுருக்கப் பில். உள்ளுக்க ஒவ்வொரு சாமானும், திகதியும், எண்ணிக்கையும், ஒண்டுக்கு எவ்வளவெண்டும் இருக்கிற நீளமான பிரிண்ட் அவங்கட சிஸ்டத்தில இருக்கு. அத 'டீட்டெய்ல் பில்' எண்டு கேளுங்கோ. வெறுமன "விளக்கம் தாங்கோ" எண்டு கேட்டா வாயால ஏதாவது சொல்லி அனுப்பிடுவாங்க, பேப்பர்தான் வேணும். கவுண்டர் பிள்ளையிட்ட நாங்க கேட்டது இப்பிடி: "தங்கச்சி, இந்த ஒரு வரிக்கு மட்டும் டீட்டெய்ல் அடிச்சுத் தாங்கோ, திகதி, எண்ணிக்கை, ரேட் மூண்டும் தெரியிற மாதிரி." முழுப் பில்லுக்கும் கேட்டா முப்பது பக்கம் வரும், அவங்களும் இழுப்பாங்க, நீங்களும் வாசிக்க மாட்டீங்க. ஒரு வரிக்கு எண்டு கேட்டதால அரை மணித்தியாலத்துக்குள்ள வந்திட்டு.

நேரத்தையும் பாருங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகோ, சனி ஞாயிறிலயோ, போயா அண்டைக்கோ டிஸ்சார்ஜ் ஆனா கவுண்டர்ல காசு வாங்கிற ஆள் மட்டும்தான் இருப்பார், பில்லிங் முகாமையாளர் இருக்க மாட்டார். டிஸ்சார்ஜ் நாளைக்கு எண்டு டொக்டர் முதல் நாள் ரவுண்ட்ஸ்ல சொன்னா அண்டைக்கே போய் இதுவரைக்கும் வந்த பில்ல ஒருக்கா அடிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்கோ. நாங்க அதச் செய்யல்ல. செய்திருந்தா மிச்சக் கதை ஒண்டும் நடந்திராது, ஏனெண்டா ஆள் வாட்ல இருக்கேக்க பிழையத் திருத்திறது மிஸ்ஸிக்கு ரெண்டு நிமிஷ வேல, கணக்கு மூடி காசும் கட்டின பிறகு அதே வேலைக்கு மூண்டு பேர்ட கையெழுத்து வேணும்.

3. பேப்பர உங்கட நினைவோட ஒத்துப் பாருங்கோ

எங்களுக்கு வந்த டீட்டெய்ல்ல இருந்தது இதுதான். ஒக்சிஜன் 43 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 450 வீதம் 19,350 ரூபா. மொனிட்டர் ரெண்டு நாள், 5,000. நெபுலைசர் மூண்டு தரம், 1,500. ட்ரெஸிங் ரெண்டு, 3,000. சேலைன் ஏத்திற பம்ப் ஒரு நாள், 3,000. கூட்டினா சரியா 31,850.

நான் முதல் பாத்தது நெபுலைசர. அப்பாக்கு ஆர் நெபுலைசர் பிடிச்சது, ஆஸ்மாவும் இல்ல ஒண்டும் இல்ல, பிடிச்சிட்டன் கள்ளன எண்டு நினைச்சன். தங்கச்சி சொன்னாள், புதன் காலம நான் வீட்ட குளிக்கப் போன நேரம் அப்பாக்கு நெஞ்சு கரகரத்து டொக்டர் வந்து பாத்து எழுதினவர், மூண்டு தரம் பிடிச்சது அவள் கண்ணால கண்டது. அதோட அந்தக் கத முடிஞ்சுது. அதால சொல்லுறன், ஆஸ்பத்திரியில மாறி மாறி நிண்ட எல்லாரையும் ஒண்டா இருத்தி வச்சு அந்தப் பேப்பர வாசியுங்கோ. நீங்க நிக்காத நேரத்தில நடந்தத நடக்கேல்ல எண்டு எழுதிக் குடுத்தா, சரியா இருக்கிற மற்ற முறைப்பாடும் அதோட சேந்து மதிப்புக் கெட்டுப் போகும்.

பிறகு ஒக்சிஜன். 43 மணித்தியாலம் எண்டத நான் முதல்ல கவனிக்கவே இல்ல, இலக்கம்தானே எண்டு விட்டிட்டன். தங்கச்சி விரல் விட்டு எண்ணினாள். தியேட்டரால வாட்டுக்கு கொண்டு வந்து மாஸ்க் போட்டது செவ்வாய் பின்னேரம் மூண்டரைக்கு. அதிலயிருந்து 43 மணித்தியாலம் எண்டா வியாழன் காலம பத்தரை. பத்தரைக்கு என்ன நடந்தது? வாட்ல டிஸ்சார்ஜ் போட்ட நேரம் அதுதான், துண்டில நேரமும் அடிச்சிருக்கு. ஆனா அப்பா புதன்கிழமை கொரிடோர்ல நடந்து திரிஞ்ச மனிசன், சிலிண்டரையும் இழுத்துக்கொண்டா நடந்தவர்?

இதுதான் நான் எல்லாருக்கும் சொல்லுற ஒரு அடையாளம். மணித்தியாலத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு எண்டு வாற சாமான்களில, அதாவது ஒக்சிஜன், மொனிட்டர், பம்ப், காத்து மெத்த மாதிரி வாடகைக்கு ஓடுற எதிலயும், பில்லில இருக்கிற நேரம் தொடங்கின நிமிஷத்தில இருந்து டிஸ்சார்ஜ் நிமிஷம் வரைக்கும் அச்சொட்டாப் பொருந்துதெண்டா, பூட்டினத எழுதியிருக்கு கழட்டினத எழுதேல்ல எண்டு அர்த்தம். பூட்டேக்க கம்பியூட்டர்ல தொடக்க நேரம் போடுறாங்க, மீட்டர் ஓடத் தொடங்குது. இரவில கழட்டுற மிஸ்ஸி நோயாளிட சார்ட்ல எழுதிட்டு கம்பியூட்டர்ல நிப்பாட்ட மறந்தா டிஸ்சார்ஜ் மட்டும் மீட்டர் ஓடும். முச்சக்கர வண்டியால இறங்கின பிறகும் மீட்டர் ஓடுற மாதிரித்தான். களவெண்டு எடுத்த எடுப்பில சொல்லாதீங்கோ, ஷிப்ட் மாறுற நேரத்தில நடக்கிற மறதி இது. ஆனா மறதிக்கு காசு கட்ட வேண்டிய ஆள் நீங்க இல்ல.

மருந்தில எண்டா இதே பிழை வேற மாதிரி வரும், வாட்டுக்கு பத்து ஊசி எடுத்து ஆறு போட்டு நாலு திரும்பி அனுப்பியிருப்பாங்க, திரும்பினத கழிக்காம பில் அடிபட்டிருக்கும். டீட்டெய்ல்ல 'ரிட்டேர்ன்' எண்டு கழிச்ச வரி ஒண்டுமே இல்லாட்டி கேளுங்கோ.

சரி, கழட்டினது எத்தின மணிக்கு எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? செவ்வாய் இரவு 10.12 க்கு கனடாவில இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பியிருந்தன், அப்பா கட்டில்ல சாஞ்சு இருந்து தேத்தண்ணி குடிக்கிறார், முகத்தில மாஸ்க்கும் இல்ல ஒண்டும் இல்ல. அது ஒரு துணைதான், அந்தப் படத்த வச்சு வழக்கு வெல்ல ஏலாது, தேத்தண்ணி குடிக்க மட்டும் கழட்டினது எண்டு அவங்க சொல்லலாம். உண்மையான ஆதாரம் அவங்கட கையிலயே இருக்கு. பெட் ஹெட் டிக்கெட் எண்டு சொல்லுற கட்டில் தலைப்பு ஃபைலுக்குள்ள மிஸ்ஸிமார் மணித்தியாலக் கணக்கா பிரஷர், நாடி, ஒக்சிஜன் அளவு எழுதுற சார்ட் ஒண்டு இருக்கும், மாஸ்க் கழட்டினா அதில நேரத்தோட எழுதியிருப்பாங்க. அந்த ஃபைல உங்கட கையில தர மாட்டாங்க, கேட்டு மினக்கெடாதீங்கோ. கேக்க வேண்டியது ஒண்டே ஒண்டுதான், அந்தப் பக்கத்தப் பாத்து நிப்பாட்டின நேரத்தச் சொல்லுங்கோ எண்டு. அத அவங்களால மறுக்கிறது கஷ்டம்.

4. காசு கட்டுறதா விடுறதா

எங்களுக்கு அண்டைக்கு முகாமையாளர் லீவு. கவுண்டர்ல இருந்த பிள்ளை "அண்ணா, வாட்டால போட்டத நான் அழிக்க ஏலாது, சிஸ்டம் விடாது" எண்டு சொன்னது, உண்மைதான். அப்பா வீல்செயார்ல இருக்கிறார், தையல் போட்ட ஆள், வெளிய வெயில் கொளுத்துது. கேட் பாஸ் வேணுமெண்டா பில் கட்டோணும். ரெண்டு வழிதான். வரி திருந்தும் மட்டும் இருக்கிறது, இல்லாட்டி கட்டிட்டுப் போய் எழுத்தில கேக்கிறது. ஆள் களைச்சிருந்தா ரெண்டாவதுதான் புத்தி, ஆனா சும்மா கட்டிட்டுப் போகாதீங்கோ.

பில்லிட ஆஸ்பத்திரிக் கொப்பியில உங்கட கையெழுத்துக் கேப்பாங்க. கையெழுத்துக்கு மேல கையால எழுதுங்கோ: 'ஒட்சிசன் கட்டணம் ரூ. 19,350 தொடர்பாக ஆட்சேபனையுடன் செலுத்தப்பட்டது', பக்கத்தில திகதி, நேரம். எழுதினத ஃபோனால படம் எடுங்கோ. எனக்கு இத எழுத வெக்கமாத்தான் இருந்தது, பின்னால பத்துப் பேர் நிக்கிறாங்க, அந்தப் பிள்ளையும் ஒரு மாதிரிப் பாத்தது, ஆனா தடுக்கல்ல. பிறகு "அண்டைக்கு நீங்க பில்ல ஏற்றுக்கொண்டுதானே கட்டினீங்க" எண்டு கேக்கேக்க அந்த ஒரு வரிதான் என்னக் காப்பாத்தினது. 'எல்லா விபரமும் விளங்கிக்கொண்டன்' எண்டு அச்சடிச்ச படிவம் ஏதாவது தந்தா வாசிக்காம கையெழுத்து வைக்காதீங்கோ.

ரசீதும் ஒரிஜினல் பில்லும் உங்களிட்டத்தான் இருக்கோணும். அக்ரஹாரவோ வேற இன்சூரன்ஸோ இருக்கிற ஆக்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம், கிளெய்முக்கு ஒரிஜினல் கேப்பாங்க. முறைப்பாட்டோட போட்டோக்கொப்பி மட்டும் குடுங்கோ. நிறையப் பேர் ஒரிஜினல தூக்கிக் குடுத்திட்டு பிறகு அது எங்க எண்டு அலைஞ்சு திரியிறாங்க.

5. கடிதம்

நான் முதல் எழுதின கடிதம் ரெண்டு பக்கம். ஏசி வேல செய்யல்ல, சாப்பாடு ஆறிப்போச்சு, ஒரு மிஸ்ஸி முகத்த நீட்டினவ, வாகனம் நிப்பாட்ட இடமில்ல, கடைசிப் பந்தியில ஒக்சிஜன். தங்கச்சி வாசிச்சிட்டு கிழிச்சுப் போட்டாள். "பில்லிங் ஆள் இத வாசிச்சா ஏசிக்காரனுக்கு அனுப்புவான்" எண்டாள். சரியான கத. பில்லிங்குக்குப் போற கடிதத்தில பில் மட்டும்தான் இருக்கோணும், அதுவும் ஒரு வரி. சாப்பாட்டுக் கத வேணுமெண்டா வேற கடிதம் எழுதுங்கோ.

இன்னொண்டு, கடிதம் அப்பாட பேர்ல, அப்பாட கையெழுத்தோட போகோணும். நோயாளிட ஃபைலப் பாத்து பதில் சொல்லுறதெண்டா மகன் கேட்டா சொல்ல ஏலாது எண்டு ஒரு காரணம் அவங்களுக்கு இருக்கு, அந்தக் காரணத்த நாங்க ஏன் குடுப்பான்? ஆள் கையெழுத்து வைக்க ஏலாத நிலையெண்டா, 'என் சார்பில் இன்னார் கதைப்பார்' எண்டு ஒரு துண்டு எழுதி பெருவிரல் அடையாளம் வச்சு எடுங்கோ.

தமிழில எழுதினாக் காணும். பில் இங்கிலீஷில இருக்கு எண்டதுக்காக நீங்களும் தெரியாத இங்கிலீஷில முக்கி முக்கி எழுதத் தேவையில்ல, இலக்கங்கள் சரியா இருந்தாச் சரி. நாங்க குடுத்தது கிட்டத்தட்ட இப்பிடி இருந்தது, மேல பேர், விலாசம், அட்மிஷன் நம்பர், பில் நம்பர், பில் திகதி எல்லாம் போட்டு:

> முகாமையாளர், பில்லிங் பகுதி.
>
> இறுதிப் பில்லில் ஒட்சிசன் கட்டணத்தைத் திருத்தக் கோரல்
>
> மேற்படி பில்லில் 'வார்ட் சேர்விஸஸ் - அதர்ஸ்' என்ற வரியில் ரூ. 31,850 அறவிடப்பட்டுள்ளது. விபரப் பில்லின்படி இதில் ஒட்சிசன் 43 மணித்தியாலத்துக்கு ரூ. 19,350 ஆகும்.
>
> எனக்கு ஒட்சிசன் வைக்கப்பட்டது செவ்வாய் பி.ப. 3.30 மணிக்கு. அன்றிரவு 9.30 மணியளவில் அது அகற்றப்பட்டது. அதன் பின் எனக்கு ஒட்சிசன் வழங்கப்படவில்லை. 6 மணித்தியாலத்துக்குரிய தொகை ரூ. 2,700. மேலதிகமாக அறவிடப்பட்டது ரூ. 16,650.
>
> வாட் தாதியர் குறிப்பில் ஒட்சிசன் நிறுத்தப்பட்ட நேரத்தைப் பார்த்து எனக்கு எழுத்தில் அறியத் தரவும். அதன்படி பில்லைத் திருத்தி மேலதிகத் தொகையை மீளத் தரவும்.
>
> இப்பில்லின் ஏனைய தொகைகள் பற்றி எனக்கு ஆட்சேபனை இல்லை. 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.
>
> இணைப்பு: இறுதிப் பில், விபரப் பில், ரசீது ஆகியவற்றின் பிரதிகள்.

'ஏனைய தொகைகள் பற்றி ஆட்சேபனை இல்லை' எண்ட வரிய தங்கச்சிதான் சேத்தாள். எனக்கு முதல் பிடிக்கல்ல, ஏன் விட்டுக்குடுப்பான் எண்டு நினைச்சன். ஆனா அத வாசிக்கிற ஆளுக்கு இது முழுப் பில்லையும் கிண்டுற சண்டையில்ல, ஒரு இலக்கத்தத் திருத்தினா முடியிற வேல எண்டு விளங்கும். உங்களுக்கு மெய்யாவே வேற சந்தேகம் இருந்தா இந்த வரியப் போடாதீங்கோ.

9.30 எண்டு போட்டது அப்பாவும் தங்கச்சியும் சொன்ன கணக்கு. நேரம் சரியாத் தெரியாட்டி 'அளவில்' எண்டு எழுதுங்கோ, தெரிஞ்ச மாதிரி நிமிஷக் கணக்குப் போடாதீங்கோ, சார்ட்ல வேற நேரம் இருந்தா உங்கட பக்கம்தான் பிழையாத் தெரியும்.

ரெண்டு கொப்பி எடுத்துக்கொண்டு போங்கோ. ஒண்ட குடுத்திட்டு மற்றதில சீல் குத்தி திகதி போட்டு கையெழுத்து வாங்குங்கோ. சீல் குத்த மாட்டம் எண்டு சொன்னா வாதாட வேண்டாம், நேரா தபால் கந்தோருக்குப் போய் பதிவுத் தபால்ல போட்டு துண்ட பத்திரமா வையுங்கோ.

6. பிறகு என்ன நடக்கும்

நாங்க திங்கள் குடுத்தம். புதன் ஒரு கோல், "ஐயா, ஒக்சிஜன் டொக்டர் சொல்லித்தானே குடுத்தது" எண்டு. ஓம், குடுத்தது சரி, நாங்க கேக்கிறது எப்ப நிப்பாட்டினது எண்டு, இதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னன். கோல்ல என்ன கதைச்சாலும் கடைசியில "இத எழுத்தில அனுப்புங்கோ" எண்டு சொல்லி முடியுங்கோ, கதைச்ச ஆளிட பேரையும் நேரத்தையும் குறிச்சு வையுங்கோ.

அடுத்த கிழமை முகாமையாளரே கூப்பிட்டு இருத்திக் கதைச்சார். நல்ல மனிசன், முன்னால வாட் சிஸ்டரும் இருந்தவ. சார்ட்ல 9.45 க்கு ஒக்சிஜன் நிப்பாட்டினது எண்டு எழுதியிருக்கு. அவங்க மணித்தியாலத்த மேல தூக்கி எடுக்கிறபடியா 7 மணித்தியாலம், 3,150 ரூபா. அப்ப திரும்பி வாறது 16,200. நான் எழுதினதவிட 450 குறைவு, அது சரிதான், ஒத்துக்கொண்டன். மொனிட்டரப் பற்றியும் வாய் வச்சுப் பாத்தன், புதன் காலமயே கழட்டிட்டாங்களே ஏன் ரெண்டு நாள் எண்டு. அது திகதிக் கணக்காம், செவ்வாய் ஒண்டு புதன் ஒண்டு, இரவு பன்னிரண்டு தாண்டினா அடுத்த நாள். ரேட் பட்டியலக் காட்டினார், அப்பிடித்தான் எழுதியிருக்கு. எனக்கு நியாயமாப் படல்ல, ஆனா அது பிழையான பதிவு இல்ல, அவங்கட விதி, அதோட கடிதத்திலயும் நான் கேக்காத விஷயம்.

இந்த வித்தியாசத்த விளங்கிக்கொள்ளுங்கோ. நடக்காத ஒண்டுக்குப் போட்ட காசத் திருப்பிக் கேட்டா கிடைக்கும். நடந்த ஒண்டுக்கு விலை கூட எண்டு கேட்டா பில்லிங்ல கிடைக்காது. சேர்ஜன்ட ஃபீஸும் அப்பிடித்தான், அது டொக்டர் போடுற தொகை, ஆஸ்பத்திரி வாங்கிக் குடுக்குது, பில்லிங்ல குறைக்க ஏலாது. பெக்கேஜ் எண்டு ஒரு தொகை பேசி அட்மிட் பண்ணியிருந்தா வேற கணக்கு, அப்ப முதல்ல பாக்க வேண்டியது இந்த ஒக்சிஜன் பெக்கேஜுக்குள்ளயா வெளியயா எண்டு, அந்தப் பேப்பர அட்மிட் பண்ணேக்கயே படம் எடுத்து வச்சிருக்கோணும்.

பதில் வராட்டி? 14 நாள் பாத்திட்டு அதே கடிதத்திட கொப்பியோட ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒரு சின்னக் கடிதம், 'இன்ன திகதி குடுத்தது, பதில் இல்ல' எண்டு. அதுக்கும் அசையாட்டி வெளிய போறதுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977 எண்ட நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம். 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை கிடைச்சு மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்கோணும், அதால ஆஸ்பத்திரி "பாக்கிறம் பாக்கிறம்" எண்டு இழுத்தா நீங்களும் சேந்து இழுபடாதீங்கோ, டிஸ்சார்ஜ் திகதியில இருந்து கலண்டர்ல மூண்டு மாதத்தக் குறிச்சு வையுங்கோ. மற்றது தனியார் ஆஸ்பத்திரிகளப் பதியிற ஒழுங்குபடுத்தும் சபை, 2006ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்தில வந்தது, கொழும்பில இருக்கு. அந்தப் பதிவு வேல மாகாண சுகாதாரப் பணிப்பாளர் ஊடாகத்தான் போறது, கிழக்கு மாகாணத்துக்கு அந்த அலுவலகம் எங்கட ஊரிலயே இருக்கிறதால சபைக்கு அனுப்பிற கடிதத்திட ஒரு கொப்பிய அங்க நேர போய்க் குடுக்கலாம். இந்த ரெண்டு இடத்துக்கும் போகேக்கயும் கேப்பாங்க, முதல்ல ஆஸ்பத்திரிக்கு எழுதினீங்களா எண்டு. சீல் குத்தின கொப்பி அதுக்குத்தான்.

காசு எப்பிடித் திரும்பி வரும் எண்டதையும் முன்னமே கேளுங்கோ. நான் கார்டால கட்டினபடியா கார்டுக்கே போட்டாங்க, பத்து நாள் கிட்டச் சென்றது. காசாக் கட்டினா செக் எழுதுவாங்க, அது நோயாளிட பேர்லதான் வரும், அப்பாட பேர்ல எக்கவுண்ட் இல்லாட்டி அது ஒரு தனி அலைச்சல். அதோட திருத்தின பில்ல புதுசா அடிச்சு வாங்குங்கோ. எங்கட மச்சான் ஒருத்தர் பழைய பில்லோட இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டு முழுக்காசும் எடுத்த பிறகு ஆஸ்பத்திரியும் ஒரு பங்கத் திருப்பித் தந்தது, ரெண்டு பக்கமும் காசு வந்ததெண்டு சந்தோஷப்பட்டவர், பிறகு இன்சூரன்ஸ்காரர் கண்டுபிடிச்சு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினாங்க. இன்சூரன்ஸ் நேரடியா ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தா திரும்பிற காசும் அவங்களுக்குத்தான் போகும், உங்கட கைக்கு வாறது நீங்க கையால கட்டின பங்கு மட்டும்.

அப்பாக்கு இந்தக் கத முழுக்க சொன்னனாங்க. "ஏழு மணித்தியாலமா? எனக்கு அந்த மாஸ்க் ஒரு மணித்தியாலமும் பிடிக்கல்ல, நான் ரெண்டு தரம் கழட்டி வச்சனான்" எண்டார். அத முகாமையாளருக்குச் சொல்லேல்ல.